பையில் தயிர் கட்டிய புரதம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. எங்களிடம் குளிர் அறை கிடையாது. சாப்பாட்டுக் கடைகளில் சோடா போத்தல் அடுக்கும் கண்ணாடிக் கதவு குளிர்பெட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, 4 பாகைக்கு வைத்து, உள்ளே ஒரு காந்தக் கலக்கியை நிறுத்தியிருக்கிறோம். டயாலிசிஸ், அதாவது புரதக் கரைசலை நுண்துளைப் பையில் கட்டித் தொங்கவிட்டு, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளிக்கரைசலோடு கலந்து மாறவிடுவது, எல்லாம் அதில்தான். கண்ணாடிக் கதவு என்பதால் தோல்வி வரும்போது எழுந்து போய்ப் பார்க்கக்கூட வேண்டாம், நாற்காலியில் இருந்தபடியே தெரியும்.

இந்த வருடம் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்த புரதம் ஹெவமின். நம் ரப்பர் மரத்துப் பாலில் இருப்பதுதான். சுமார் 29 கிலோடால்டன் எடை, உள்ளே சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களை ஜோடி சேர்க்கும் 3 டைசல்ஃபைடு பிணைப்புகள், பூஞ்சைச் சுவரிலும் பூச்சி ஓட்டிலும் இருக்கும் கைட்டினை வெட்டும் நொதி. மரத்திலிருந்தே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எங்களிடம் கேட்டவருக்கு ஓர் அமினோ அமிலம் மாற்றிய வடிவம் வேண்டும், அதை மரம் தராது. எனவே முதலில் மாற்றாத இயல்பு வடிவத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் செய்து கை பழகிக்கொள்வது என்று முடிவு.

பாக்டீரியா புரதத்தைச் செய்வதில் குறை வைக்கவில்லை. 37 பாகையில் நான்கு மணி நேரம் தூண்டியதும் செல் நிறைய ஹெவமின். ஆனால் அதில் ஒரு துளிகூடக் கரைந்த நிலையில் இல்லை. பாக்டீரியா செல்லின் உள்ளே டைசல்ஃபைடு பிணைப்பு உருவாகும் சூழல் கிடையாது. மூன்று பிணைப்பு தேவைப்படும் சங்கிலி அங்கே பாதி மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கெட்டியான துகளாக ஒதுங்கிவிடுகிறது. இதைத்தான் இன்க்ளூஷன் பாடி என்கிறோம். செல்லை உடைத்துச் சுழற்றினால் அடியில் வெள்ளையாக உட்கார்ந்துவிடும். ஒட்டுப்பாலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வெள்ளை அந்நியமாக இருக்காது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. அந்தத் துகளில் பெரும்பகுதி நமக்கு வேண்டிய புரதமே. நன்றாகக் கழுவினால் போதும், பாதி சுத்திகரிப்பு முடிந்தது. நான் முதலில் 1 சதவீத டிரைட்டான் சேர்த்த பஃபரில் இருமுறை, பிறகு 2 மோலார் யூரியாவில் ஒருமுறை, கடைசியில் வெறும் பஃபரில் ஒருமுறை கழுவினேன். ஒவ்வொரு முறையும் வீழ்படிவைக் குழாயோடு ஆட்டிவிட்டால் போதாது. ஊசி போட்ட சிரிஞ்சில் உறிஞ்சி உறிஞ்சித் தள்ளி, கட்டி இல்லாமல் ஆக்க வேண்டும். டிரைட்டான் சவ்வுத் துண்டுகளைக் கழற்றுகிறது. 2 மோலார் யூரியா துகளைக் கரைக்காமல், மேலே ஒட்டியிருக்கும் மற்றப் புரதங்களை மட்டும் இளக்குகிறது. பழுப்பாக இருந்த வீழ்படிவு சுண்ணாம்பு நிறத்துக்கு வந்தது. அப்போது நான் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்தது, துகளைக் கரைத்துச் சங்கிலியை அவிழ்க்கும் யூரியா. மாமா பழைய மண்டோர், இப்போது நாலு ஏக்கர் சொந்தமாக ரப்பர் வைத்திருக்கிறார். போத்தலில் விலையைப் பார்த்துவிட்டு, "ஏன்மா, ஸ்டோர்ல மூட்டை மூட்டையா கெடக்கே, அதுல ரெண்டு கிலோ அள்ளிக்க வேண்டியதுதானே?" என்றார். கேள்வி நியாயமானது, மூலக்கூறு ஒன்றேதான். ஆனால் உர யூரியாவில் பையூரெட் என்ற மாசு இருக்கும். கட்டிபிடிக்காமல் இருக்க அதில் ஃபார்மால்டிஹைடு சார்ந்த பொருளைச் சேர்ப்பதும் வழக்கம். ஃபார்மால்டிஹைடு புரதத்தின் லைசினைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது, எனக்கு ஆகும்.

போத்தல் யூரியாவும் முழுக்க நல்லபிள்ளை இல்லை. 1828-இல் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைச் செய்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த வினை இரண்டு பக்கமும் ஓடக்கூடியது. நீரில் கரைந்த யூரியா மெல்ல மெல்ல மறுபடி சயனேட்டாகிறது. அந்தச் சயனேட் புரதத்தின் லைசினிலும் சங்கிலியின் தொடக்க முனையிலும் போய் ஒட்டி, ஒவ்வோர் இடத்திலும் 43 டால்டன் எடையைக் கூட்டிவிடும். ஒட்டியது ஒட்டியதுதான், டயாலிசிஸில் போகாது. சூடாக்கினால் வேகம் கூடும். சிக்கல் என்னவென்றால், யூரியா கரையும்போது குவளை கையில் ஐஸ் மாதிரி குளிர்ந்துவிடும், கரைவது நின்றுவிடும். உடனே அடுப்பில் வைக்கத் தோன்றும். கொதிக்க வைக்கவே கூடாது. வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் குவளையை நிறுத்தி, 30 பாகை தாண்டாமல் பொறுமையாகக் கலக்கினால் கரைந்துவிடும். நான் அன்றன்றைக்குத் தேவையானதை அன்றே கரைத்து, அயனிகளை நீக்கும் ரெசின் மணிகளோடு ஒரு மணி நேரம் சுழலவிட்டு, வடிகட்டிய பிறகே பஃபர் உப்புகளைச் சேர்க்கிறேன். வரிசை மாறினால் ரெசின் உப்புகளையும் சேர்த்து விழுங்கிவிடும்.

இன்னொன்று, 8 மோலார் என்றால் ஒரு லிட்டருக்கு 480 கிராம். அந்தத் தூளே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொடங்கினால் குவளை வழியும். அறுநூறு மில்லியில் தொடங்கிக் கடைசியில் அளவைச் சரிசெய்ய வேண்டும். முதல் முறை தம்பி இந்தத் தவறைச் செய்தான். ஓராண்டுக்கு முன் நானும் செய்தேன், அதனால் திட்டவில்லை.

கழுவிய துகளை 8 மோலார் யூரியா, 50 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 8.5, 1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 10 மில்லிமோலார் டைதயோத்ரைட்டால் கொண்ட கரைசலில், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் கலக்கினேன். டைதயோத்ரைட்டாலைச் சுருக்கி எழுதினால் தமிழில் பூச்சிமருந்தின் பெயரும் அதுவும் ஒன்றாகிவிடும் என்பதால் முழுப்பெயரையே எழுதுகிறேன். யூரியா சங்கிலியை அவிழ்க்கும், டைதயோத்ரைட்டால் துகளுக்குள் தப்பும் தவறுமாக உருவாகியிருக்கும் டைசல்ஃபைடுகளை உடைக்கும். இரண்டும் வேண்டும். பாகு போன்ற கரைசலை 15,000 ஜி விசையில் இருபது நிமிடம் சுழற்றி, கரையாத தூளை ஒதுக்கினேன். இது அவசியம். கரையாமல் மிதக்கும் ஒரு சிறு துகளும் பின்னால் உறைமோர் ஊற்றியது போல மற்றதையும் இழுத்துக் கட்டியாக்கும்.

இதுவரை எல்லாம் சுமுகம். இனி மடிப்பு, அதாவது யூரியாவை நீக்கிச் சங்கிலியைச் சரியான வடிவத்துக்கு மடியவிடுவது.

முதல் முயற்சியைச் சொல்ல வெட்கம்தான். ஒரு மில்லியில் 2 மில்லிகிராம் வீதம் இருந்த கரைசல் இருபது மில்லியைப் பையில் கட்டி, யூரியாவே இல்லாத இரண்டு லிட்டர் பஃபரில் நேராகத் தொங்கவிட்டேன். தேத்தாரிக் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது பை வெண்மையாக இருந்தது. மாலைக்குள் தயிர். அதுவுமின்றி, பையில் காலியிடம் விடாமல் இறுக்கிக் கட்டியிருந்தேன். உள்ளே யூரியா அடர்த்தி அதிகம் என்பதால் தண்ணீர் வேகமாக உள்ளே புகுந்து, பை சாசேஜ் போலப் புடைத்துக் கிளிப் ஒன்று தெறித்துவிட்டது. இப்போதெல்லாம் பையில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாகத் தட்டையாக விடுகிறேன்.

ஏன் கட்டியது? 8 மோலாரில் சங்கிலி முழுக்க அவிழ்ந்திருக்கும். அதன் எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகளை யூரியா சூழ்ந்து நிற்பதால் பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டாது. யூரியாவே இல்லாத இடத்தில், சரியாக மடிந்த புரதம் அந்தப் பகுதிகளை உள்ளே மறைத்துக்கொண்டிருக்கும், அதுவும் ஒட்டாது. ஆபத்து நடுவில்தான். 4-இலிருந்து 2 மோலார் வரை, பாதி மடிந்த சங்கிலி எண்ணெய்ப் பகுதிகளை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும், காப்பாற்றும் அளவுக்கு யூரியாவும் இருக்காது. அங்கே இரண்டு வினைகளுக்குள் போட்டி. மடிவது ஒற்றைச் சங்கிலி தனக்குள் செய்யும் வேலை, அதன் வேகம் செறிவைப் பொறுத்ததல்ல. ஒட்டுவதற்கு இன்னொரு சங்கிலி வேண்டும், எனவே செறிவு கூடினால் ஒட்டும் வேகம் பன்மடங்காகும்.

இது தெரிந்தும் இரண்டாவது முயற்சியில் பாதிதான் கேட்டேன். 6, 4, 3, 2 என்று படிகள் வைத்தேன், ஆனால் செறிவை 2 மில்லிகிராமிலேயே விட்டுவிட்டேன். பெரிய கொள்ளளவில் மடித்துவிட்டு அப்புறம் வடித்துச் செறிவாக்கும் வேலையை நினைத்துச் சோம்பல். இந்த முறை ஒரு நல்ல காரியம் மட்டும் செய்தேன். ஒவ்வொரு படியிலும் பையைத் திறந்து அரை மில்லி எடுத்து, 350 நானோமீட்டரில் ஒளிமறைப்பைப் படித்து, மறுபடி பைக்குள் ஊற்றினேன். அந்த அலைநீளத்தில் புரதம் ஒளியை உறிஞ்சாது, கலங்கல் மட்டுமே தெரியும். 6 மோலாரில் 0.01, 4-இல் 0.03. கண்ணுக்கு இரண்டும் தண்ணீர்தான். 3 மோலாரில் 0.21. அப்போதும் கண்ணுக்கு லேசான நீலப் பனி, அவ்வளவுதான். 2 மோலாரில் 0.9 தாண்டிவிட்டது, குளிர்பெட்டிக் கதவுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. எந்தப் படியில் சரிகிறது என்பது அந்த எண்களால் தெரிந்தது. கண்ணை நம்பியிருந்தால் ஒரு படி தாமதமாகத்தான் தெரிந்திருக்கும்.

மூன்றாவது முயற்சிக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10 மில்லிகிராம் புரதத்தை 5 மில்லி கரைசலிலிருந்து 50 மில்லியாக நீர்க்கச் செய்தேன், அதாவது மில்லிக்கு 0.2 மில்லிகிராம். நீர்க்கச் செய்ததும் 6 மோலார் யூரியாவைக் கொண்டுதான். 8 மோலார் கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஊசி ஊசியாகப் படிகம் விழக்கூடும், அந்த அடர்த்தியில் 4 பாகை எல்லைக்கோடு. 6-இல் அந்தத் தொல்லை இல்லை.

ஒவ்வொரு படிக்கும் புதுக் குவளைக் கரைசல் வைத்தால் யூரியா கிலோக் கணக்கில் போகும். அதனால் பையை நகர்த்தாமல் வெளிக்கரைசலையே நீர்க்கச் செய்யும் வழியை எடுத்தேன். பை 50 மில்லி, வெளியே 6 மோலாரில் 250 மில்லி, ஆக 300. யூரியா இல்லாத பஃபர் 150 மில்லி ஊற்றினால் மொத்தம் 450, செறிவு 4 மோலார். இன்னும் 150 ஊற்றினால் 600, 3 மோலார். 300 ஊற்றினால் 900, 2 மோலார். ஊற்றுவதையும் ஒரே மூச்சில் செய்யவில்லை. சொட்டு மருந்து ஏற்றும் குழாய் ஒன்றை மேல்தட்டில் தொங்கவிட்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று மணி நேரம் சொட்டவிட்டு, அதன் பிறகு குறைந்தது ஆறு மணி நேரம் அப்படியே விட்டேன். 2 மோலாருக்குப் பிறகு குவளையை மாற்றி 1 மோலார், கடைசியில் யூரியா இல்லாதது இருமுறை.

வெளிக்கரைசலில் 0.4 மோலார் அர்ஜினைன் ஹைட்ரோகுளோரைடு சேர்த்தேன். இது யூரியா மாதிரி சங்கிலியை அவிழ்க்காது, ஆனால் ஒட்டுவதைத் தடுக்கும். நடுப்பாதையில் யூரியா விட்ட இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. 900 மில்லிக்கு 76 கிராம் வேண்டும். உள்ளதில் பெரிய செலவு இதுதான். வெறும் அர்ஜினைன் வாங்கினால் விலை குறைகிறதே என்று மயங்க வேண்டாம், அது கரைசலைக் கடும் காரமாக்கிவிடும், அமிலம் ஊற்றி ஊற்றி இறக்க வேண்டிவரும்.

டைசல்ஃபைடு சரியாகப் பிணைய, குளூட்டதயோனின் ஒடுக்கிய வடிவம் 2 மில்லிமோலார், ஆக்சிஜனேற்றிய வடிவம் 0.2 மில்லிமோலார். ஆக்சிஜனேற்றியது பிணைப்பை உண்டாக்கும், ஒடுக்கியது தப்பான பிணைப்பைத் திறந்து மறுவாய்ப்புத் தரும். இதை முதல் குவளையிலேயே, 6 மோலாரிலேயே போட்டேன்.

பை கடைசி வரை தெளிவாக இருந்தது. ஒளிமறைப்பு 2 மோலாரில் 0.04, முடிவில் 0.07. அடியில் நாலைந்து பிசிறுகள் மட்டும். அன்றைக்கு மாமாவுக்கும் தம்பிக்கும் சேர்த்து ரொட்டி சானாய் என் கணக்கில்.

செயல்பாட்டைச் சோதிக்க மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாவின் உலர்ந்த செல்களைக் கலக்கிய கலங்கல் நீரைப் பயன்படுத்தினேன். செல் சுவரை வெட்டும் நொதி இருந்தால் கலங்கல் தெளியும், 450 நானோமீட்டரில் அளவு இறங்கும். ஹெவமினுக்குக் கைட்டின் தவிர இந்த வேலையும் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க மாமாவின் மரத்துப் பால். காலையில் மங்கில் சேர்ந்ததும் அம்மோனியா கலக்காமல் அரை குவளை கொண்டுவந்தார். கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, பிரிந்த மஞ்சள் நீரை எடுத்து அமிலத்தன்மையைச் சரிசெய்தேன். தோட்டத்தில் ஆசிட் என்றாலே ஃபார்மிக்தான், அதில் அவருக்கு என்னைவிடக் கைப்பழக்கம் அதிகம். அந்த நீர் கலங்கலைத் தெளியவைத்தது. என் பைப் புரதமும் தெளியவைத்தது, அதைவிட வேகமாக.

அந்த வேகம்தான் உறுத்தியது. மரத்திலிருந்து வந்ததை விட, யூரியாவில் கிடந்து எழுந்தது இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்குமா? பால்நீரில் ஹெவமின் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, ஒருவேளை குறைவாக இருக்கலாம் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் 29-க்குக் கீழே, 14 கிலோடால்டன் பக்கம் மெல்லிய பட்டை ஒன்று ஆரம்பத்திலிருந்தே தெரிந்துகொண்டிருந்தது. உடைந்த துண்டு என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

அது உடைந்த துண்டு இல்லை. செல்லை உடைக்க வழக்கம்போல நான் போட்ட முட்டை வெள்ளை லைசோசைம். அதன் எடை 14.3 கிலோடால்டன். அதன் தொழிலே மைக்ரோகாக்கஸ் சுவரை வெட்டுவது. காரத்தன்மையுள்ள புரதம் என்பதால் டி.என்.ஏ.வோடும் சவ்வுத் துண்டுகளோடும் ஒட்டிக்கொண்டு, நாலு கழுவலையும் தாண்டி வந்திருக்கிறது. யூரியாவில் அவிழ்த்தாலும், இந்தத் துறையில் எல்லோரும் மறுமடிப்பைப் பழகுவதே லைசோசைமை வைத்துத்தான். அவ்வளவு எளிதாக மடியும். நான் பாடுபட்டு அமைத்த அர்ஜினைன், குளூட்டதயோன் எல்லாவற்றையும் அது நன்றாக அனுபவித்திருக்கிறது.

சந்தேகத்தை உறுதிசெய்ய, மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிடை, ஹெவமின் மரபணு இல்லாமல் வெறுமனே கொண்ட செல்களை எடுத்து, அதே கழுவல், அதே யூரியா, அதே படிகள் என்று நடத்தினேன். முடிவில் அதுவும் கலங்கலைத் தெளியவைத்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை. மூன்றாம் முயற்சியின் செயல்பாட்டுப் பக்கத்தை நோட்டில் குறுக்குக்கோடு போட்டு, தேதியோடு கையெழுத்திட்டேன்.

சரி, லைசோசைம் போகட்டும், அதே பையில் ஹெவமினின் கதி என்ன? இதற்கு ஜெல் ஒன்றே போதும், ஓடவிடும் விதத்தில்தான் விஷயம். ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் டைசல்ஃபைடை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால் சேர்த்தும், மற்றொன்றில் சேர்க்காமலும் ஓடவிட வேண்டும். சேர்க்காததில், திறந்திருக்கும் சிஸ்டீன்கள் ஜெல்லுக்குள் போய்ப் புதிதாகப் பிணைந்துகொள்ளாமல் இருக்க, முன்னதாகவே அயோடோஅசெட்டமைடு போட்டு அடைத்துவிட வேண்டும். பிணைப்புகள் சரியாக அமைந்த புரதம் எஸ்.டி.எஸ். இட்டாலும் முழுக்க நீளாமல் சுருக்கமாக இருக்கும், அதனால் உடைத்ததைவிடச் சற்று முன்னே ஓடும். என் ஜெல்லில் முக்கியப் பட்டை இரண்டு தடத்திலும் ஒரே உயரத்தில். அதற்கு மேலே, உடைக்காத தடத்தில், இரட்டை, மூன்று என்று ஏணிப்படி போலப் பட்டைகள். அதாவது பாதிச் சங்கிலிகளில் பிணைப்பே இல்லை, மீதியில் பக்கத்துச் சங்கிலியோடு பிணைப்பு. தெளிவான பை, மடியாத புரதம்.

காரணம் பழைய கணக்கிலேயே இருந்தது. கரைக்கும்போது போட்ட டைதயோத்ரைட்டால் 10 மில்லிமோலார். பத்து மடங்கு நீர்த்ததில் 1 ஆனது. 50 மில்லி பையிலிருந்து 300 மில்லிக்குப் பரவியபோது 0.17. நான் முதல் குவளையிலேயே போட்ட ஆக்சிஜனேற்றிய குளூட்டதயோன் 0.2. டைதயோத்ரைட்டால் வலுவான ஒடுக்கி, அதை ஒன்றுக்கு ஒன்று என்று பிடித்து உடைத்துவிடும். ஆகப் பிணைப்பை உண்டாக்க வேண்டிய பொருள் கிட்டத்தட்ட முழுவதும் முதல் இரவிலேயே தீர்ந்துபோனது. பிறகு நடந்தது கரைசலில் கரைந்த காற்றின் புண்ணியத்தில் தாறுமாறாக நடந்ததுதான்.

இன்னொரு தவறு, அதை 6 மோலாரில் போட்டது. ஆறு சிஸ்டீன்கள் மூன்று ஜோடியாகச் சேர 15 வழிகள் உண்டு, அதில் ஒன்றுதான் சரி. சங்கிலி அவிழ்ந்து கிடக்கும்போது பிணைத்தால் எது அருகில் வருகிறதோ அதோடு பிணையும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆன்ஃபின்சென் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை வைத்துக் காட்டியது இதைத்தான். யூரியாவில் இருக்கும்போதே ஆக்சிஜனேற்றினால் செயலற்ற குழப்பம் கிடைத்தது. யூரியாவை எடுத்துவிட்டுத் துளி மெர்காப்டோஎத்தனால் சேர்த்ததும் தப்பான பிணைப்புகள் கலைந்து சரியானவை அமைந்தன. 1972-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்ததன் பின்னால் இந்த வேலை இருக்கிறது. எனக்கு அது தேர்வுக்குப் படித்த பத்தியாக மட்டும் இருந்திருக்கிறது.

நான்காவது முயற்சி. செல்களை லைசோசைம் இல்லாமல், பனிக்கட்டியில் வைத்து ஒலியதிர்வுக் கருவியால் உடைத்தேன். பத்து விநாடி அதிர்வு, முப்பது விநாடி ஓய்வு என்று இருபது முறை. கழுவல் அப்படியே, 14 பக்கத்துப் பட்டை போய்விட்டது. நீர்த்த 50 மில்லியை 6 மோலார் குவளையில் இருமுறை வைத்தேன், இரண்டிலும் டைதயோத்ரைட்டால் கிடையாது, குளூட்டதயோனும் கிடையாது. முதல் மாற்றத்தில் 0.17, இரண்டாவதில் 0.03 மில்லிமோலாராக இறங்கியது. யூரியா கொஞ்சம் கூடுதலாகப் போனது, பரவாயில்லை. ஈ.டி.டி.ஏ. எல்லாக் குவளையிலும் இருந்தது. தண்ணீரில் துளி செம்பு இருந்தாலும் காற்றின் ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடும், அதைப் பிடித்துவைக்க.

வெளிக்கரைசல் 4 மோலாருக்கு இறங்கிய பிறகுதான் குளூட்டதயோன் போட்டேன். இது அமிலம், தூளாகப் போட்டதும் பி.எச். சட்டென்று இறங்கும். மீட்டரை வைத்துப் பார்த்து, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுகளால் மறுபடி 8.5-க்கு ஏற்ற வேண்டும். சிஸ்டீன் அந்தக் காரத்தன்மையில்தான் வினைபுரியும் வடிவில் இருக்கும், 7-க்குக் கீழே போனால் பிணைப்பு மாற்றம் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதையே கடைசியில் நான் பயன்படுத்திக்கொண்டேன். இறுதிக் குவளையைப் பி.எச். 5 சோடியம் அசெட்டேட்டாக வைத்தேன். பிணைப்புகள் இருந்த இடத்தில் நிற்கும். ஹெவமினும் காரப் புரதம் என்பதால் அமிலப் பக்கம் நன்றாகக் கரைந்திருக்கும்.

3 மோலார் படியில் ஓர் இரவு முழுக்க விட்டேன். நடுவில் இடியும் மழையும், கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கலக்கி நின்றது. காலையில் பார்த்தால் ஒளிமறைப்பு 0.02. 2 மோலாரில் 0.03. 1 மோலாரில் அர்ஜினைனைக் குறைக்காமல் வைத்து, அடுத்த குவளையில்தான் இரண்டையும் எடுத்தேன். அப்போது கொஞ்சம் பிசிறு விழுந்தது, சுழற்றி ஒதுக்கினேன். பை 58 மில்லியாக வீங்கியிருந்தது. தெளிவான கரைசலில் மிஞ்சியது 5.8 மில்லிகிராம், அதாவது போட்டதில் பாதிக்குச் சற்று மேல்.

ஜெல்லில் உடைக்காத தடத்தின் பட்டை இந்த முறை ஒரு மயிரிழை முன்னே ஓடியிருந்தது. ஏணியும் மேலே மங்கலாக உண்டு, முழுக்கப் போகவில்லை. அந்த ஒட்டிய சங்கிலிகளை எடை பிரிக்கும் ஜெல் நிரலில் ஓட்டிக் கழித்தபின் கையில் நின்றது 3.5 மில்லிகிராம். கலங்கல் நீரில் இப்போது மெதுவாகத்தான் தெளிகிறது, மாமாவின் பால்நீர் மாதிரியே நிதானமாக. வெறும் பிளாஸ்மிடு பை பக்கத்துக் குழாயில் அரை மணி நேரமாக அசையாமல் நின்றது. கூழாக்கிய கைட்டின் கலந்த அகார் தட்டிலும் ஒரு நாளில் சிறு வட்டம் தெளிந்தது.

ஒரு வேடிக்கை. ஹெவமின் கண்டிப்பான பொருளில் லைசோசைமே இல்லை. இரண்டும் ஒரே சுவரை வெட்டினாலும், முட்டை லைசோசைம் முராமிக் சர்க்கரைக்குப் பின்னால் வெட்டும், ஹெவமின் குளூக்கோசமைன் சர்க்கரைக்குப் பின்னால் வெட்டும். துண்டுகளைப் பகுத்துப் பார்த்தால் யார் வெட்டியது என்று தெரிந்துவிடும். எங்களிடம் அதற்கான கருவி இல்லை.

மாற்றிய வடிவம் போன வாரம்தான் செல்லில் ஏறியது. இதை எழுதும்போது அதன் பை குளிர்பெட்டியில் 3 மோலாரில் தொங்குகிறது. மாலை ஐந்து மணிக்கு ஒளிமறைப்பு 0.05. இயல்பு வடிவம் இதே படியில் 0.02-இல் இருந்தது. அதனால் 2 மோலாருக்கான பஃபரை இன்று சொட்டவிடவில்லை, அர்ஜினைனை 0.6-க்கு ஏற்றிவிட்டு நாளைக் காலை வரை நிறுத்திவைத்திருக்கிறேன்.